நகல்கள் தின்னும் நினைவகம்

பத்தாயிரம் எண்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கணினியின் நினைவகத்தில் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? பைத்தான் மொழியில் பட்டியலுக்கு மட்டும் சுமார் 80 கிலோபைட் போதும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இதைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கும். அந்தப் பத்தாயிரம் எண்களையும் கூட்டிச் சொல்ல நான்கே வரியில் ஒரு நிரல் எழுதிவிடலாம். அது சரியான விடையைத்தான் தரும். ஆனால் விடை வருவதற்குள் 400 மெகாபைட் நினைவகத்தைப் பிடித்துவிடும்.

தரவு 80 கிலோபைட், நிரல் கேட்ட இடம் அதைப்போல் 5,000 மடங்கு. கூட்டலில் தவறு கிடையாது. தேவையற்ற வேலை எதுவும் நடப்பதாகக் கண்ணுக்கும் தெரிவதில்லை. அந்த நிரல் இதுதான்:

```python
def total(a):
    if not a:
        return 0
    return a[0] + total(a[1:])
```

நிரல் எழுதிப் பழகாதவர்களுக்காக இதைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். `total` என்பது ஒரு ஃபங்ஷன். அதாவது ஒரு வேலையைச் செய்துகொடுக்கும் சிறு நிரல்துண்டு. அதனிடம் `a` என்ற பட்டியலைக் கொடுக்கிறோம். பட்டியல் காலியாக இருந்தால் கூட்டுத்தொகை சுழி. இல்லையென்றால், முதல் எண்ணைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, மீதிப் பட்டியலின் கூட்டுத்தொகையைக் கேட்டு வாங்கி, இரண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டும். மீதியின் கூட்டுத்தொகையைச் சொல்லப்போவதும் இதே ஃபங்ஷன்தான். தன்னைத் தானே அழைக்கும் இந்த முறைக்கு ரிகர்ஷன் என்று பெயர். பாடப்புத்தகங்கள் விரும்பிச் சொல்லித்தரும் அழகான முறை இது; கணக்கின் வரையறையை அப்படியே நிரலாக எழுதியதுபோல் இருக்கும்.

விஷயம் `a[1:]` என்ற சின்னஞ்சிறு குறியீட்டில் இருக்கிறது. முதல் எண்ணை விட்டுவிட்டு மீதியைக் கொடு என்று அதற்குப் பொருள். படிக்கும்போது, இருக்கிற பட்டியலையே கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதுபோல் தோன்றும். பைத்தான் அப்படிச் செய்வதில்லை. நினைவகத்தில் புதிய இடம் ஒன்றை ஒதுக்கி, மீதியுள்ள அத்தனை உறுப்புகளையும் அங்கே நகல் எடுத்து, முற்றிலும் புதிய பட்டியல் ஒன்றைக் கையில் தருகிறது.

இந்த நகலில் எது போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பைத்தான் பட்டியலுக்குள் எண்கள் நேரடியாக இருப்பதில்லை. ஒவ்வொரு எண்ணும் நினைவகத்தில் வேறெங்கோ இருக்கும். பட்டியலில் இருப்பது அதன் முகவரி மட்டுமே. இன்றைய 64 பிட் கணினிகளில் ஒரு முகவரிக்கு 8 பைட். ஆகவே நகல் எடுக்கும்போது எண்கள் இரட்டிப்பதில்லை, முகவரிகளே இரட்டிக்கின்றன. உறுப்புக்கு 8 பைட், அதோடு ஒவ்வொரு பட்டியலுக்கும் தலைப்புச் செலவாக 56 பைட். ஆயிரம் உறுப்புள்ள பட்டியலுக்கு 8,056 பைட். `sys.getsizeof` என்ற கட்டளையைக் கொடுத்தால் பைத்தானே இந்தக் கணக்கைக் காட்டும்.

இனி ஐந்தே எண்களை வைத்துப் பார்க்கலாம்: 4, 7, 1, 9, 3. முதல் அழைப்பின் கையில் ஐந்து எண்களும் இருக்கின்றன. அது 4-ஐத் தனியே வைத்துவிட்டு, 7, 1, 9, 3 என்ற புதிய பட்டியலை உருவாக்கி அடுத்த அழைப்பிடம் கொடுக்கிறது. கொடுத்துவிட்டு முடிந்துபோவதில்லை, விடை திரும்பி வந்தால்தானே அதனால் 4-ஐக் கூட்ட முடியும்? அதனால் தன் பட்டியலைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்து நிற்கிறது. இரண்டாவது அழைப்பு 1, 9, 3 என்று மூன்று எண் கொண்ட நகலை எடுத்து மூன்றாவதிடம் தந்துவிட்டு, அதுவும் காத்து நிற்கிறது. வரிசையாக உட்கார்ந்த குமாஸ்தாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தன் தாளிலுள்ள முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் புதுத் தாளில் எழுதி அடுத்தவருக்கு நீட்டுகிறார். தன் தாளையும் கீழே போடுவதில்லை; பதில் வரும்வரை கையில் பிடித்திருக்கிறார். கடைசி ஆள் வெற்றுத் தாளைப் பார்த்துச் சுழி என்று சொல்லும் அந்தக் கணத்தில் மேசைகளில் எத்தனை வரிகள் எழுதிக் கிடக்கின்றன? 5 + 4 + 3 + 2 + 1, ஆக 15.

ஐந்து எண்ணுக்கு 15 இடம் என்பது யாரையும் உறுத்தாது. நூறு எண்ணுக்கு இதே கூட்டல் 5,050 ஆகிறது, 40 கிலோபைட். அதுவும் பொருட்டில்லை. ஆயிரத்துக்கு 5,00,500 இடங்கள், அதாவது 4 மெகாபைட். பத்தாயிரத்துக்கு 5,00,05,000 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 8 பைட் என்றால், தொடக்கத்தில் சொன்ன 400 மெகாபைட் வந்துவிட்டது. ஒரு லட்சம் எண்ணுக்கு இதே நிரல் 40 ஜிகாபைட் கேட்கும். மூலப் பட்டியலோ வெறும் 800 கிலோபைட்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது எந்த ஒரு தொகையும் அல்ல, தொகைகள் தாவும் விதம். உள்ளீடு பத்து மடங்கானபோதெல்லாம் இடம் நூறு மடங்காகிறது. உள்ளீடு இரட்டித்தால் இடம் நான்கு மடங்கு. ஒன்றிலிருந்து n வரை கூட்டினால் n(n+1)/2 என்று பள்ளியில் படித்திருப்போம். n பெரிதாகும்போது அதில் ஆட்சி செய்வது n-இன் வர்க்கம்தான். பாதியாக்குவதோ, 8 பைட்டால் பெருக்குவதோ, தலைப்புச் செலவைச் சேர்ப்பதோ அந்தப் பாய்ச்சலின் வடிவத்தை மாற்றாது. அதனால் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு O(n²) என்று எழுதுகிறார்கள். உள்ளீடு வளர வளர ஒரு நிரலுக்கு வேண்டிய நினைவகம் எந்த வடிவத்தில் வளர்கிறது என்பதைச் சொல்லும் இந்த அளவுக்குத்தான் ஸ்பேஸ் காம்ப்ளெக்சிட்டி என்று பெயர். வழக்கமாக உள்ளீடு பிடித்திருக்கும் இடத்தைக் கழித்துவிட்டு, நிரல் தன் வேலைக்காகக் கூடுதலாக எடுத்த இடத்தையே கணக்கில் கொள்வார்கள். நம் கதையில் அப்படிக் கழித்தாலும் வர்க்கம் வர்க்கமாகவே நிற்கிறது.

இந்த இடத்தில் பலர் ஒரு முடிவுக்குத் தாவிவிடுவார்கள்: நகல் எடுப்பதுதான் குற்றவாளி என்று. அது பாதி உண்மை. அடுத்த நிரலைப் பாருங்கள்.

```python
def total(a):
    s = 0
    while a:
        s += a[0]
        a = a[1:]
    return s
```

இதிலும் அதே `a[1:]` இருக்கிறது. பத்தாயிரம் எண் கொடுத்தால் இதுவும் ஏறக்குறைய அதே ஐந்து கோடி முகவரிகளை நகல் எடுக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒதுக்கப்பட்ட நினைவகத்தையெல்லாம் கூட்டினால் இங்கும் 400 மெகாபைட் வரும். ஆனால் எந்த ஒரு கணத்திலும் இது பிடித்திருக்கும் இடம் சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. புதிய நகல் வந்து `a` என்ற பெயரைப் பிடித்தவுடன், பழைய நகலை வைத்திருக்க யாரும் இல்லை. தன்னை யாரும் சுட்டாத பொருளை நாம் பொதுவாகப் பயன்படுத்தும் பைத்தான் அந்த நொடியே விடுவித்துவிடும். அடுத்த நகல் அந்த இடத்திலேயே வந்து உட்காரலாம். ஆக ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பவை மூலப் பட்டியல், பழைய நகல், புதிய நகல் ஆகிய மூன்றுதான். உள்ளீடு இரட்டித்தால் இடமும் இரட்டிக்கும், அவ்வளவே. இது O(n).

காலத்துக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. நகல் எடுக்கச் செலவான நேரம் செலவானதுதான்; அது இரண்டு நிரல்களிலும் n-இன் வர்க்கமாகவே வளர்கிறது. இடம் அப்படியல்ல. விட்ட இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆகவே நினைவகக் கணக்கில் கேட்க வேண்டிய கேள்வி, மொத்தம் எத்தனை நகல் எடுத்தாய் என்பதல்ல. ஒரே நேரத்தில் எத்தனை நகலைக் கையில் வைத்திருந்தாய் என்பது. இப்படி இடத்தைக் காலத்திலிருந்து பிரித்துத் தனியே ஆராயும் துறைக்கு அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர்கள் ஜூரிஸ் ஹார்ட்மானிஸ், ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸ், பிலிப் லூயிஸ் ஆகிய மூவர். அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்கள். நினைவகத்துக்கு வரம்பு கட்டினால் எந்தெந்தக் கணக்குகளைச் செய்ய முடியும் என்று அவர்கள் 1965-இல் எழுதினார்கள்.

முதல் நிரலின் ரிகர்ஷனைக் கைவிடாமலே அதன் பசியைத் தணிக்க முடியுமா? முடியும். பட்டியலை வெட்டிக் கொடுக்காமல், எந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் கொடுத்தால் போதும்.

```python
def total(a, i=0):
    if i == len(a):
        return 0
    return a[i] + total(a, i + 1)
```

இப்போது எல்லா அழைப்புகளும் ஒரே பட்டியலைத்தான் பார்க்கின்றன. அடுத்த அழைப்புக்குப் போவது பட்டியலின் முகவரியும் ஓர் எண்ணும். இருந்தாலும் பத்தாயிரம் அழைப்புகள் காத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே நிறுத்தினோம், `i` எவ்வளவு என்பதைக் குறித்து வைக்கச் சிறிது இடம் எடுக்கிறது. பைத்தானின் பதிப்பைப் பொறுத்து அது மாறும் என்றாலும் ஓர் அழைப்புக்குச் சில நூறு பைட்டுக்கு மேல் போகாது. 400 மெகாபைட் கேட்ட வேலை சில மெகாபைட்டில் முடிந்துவிடுகிறது. வளர்ச்சி O(n). ரிகர்ஷனையே விட்டுவிட்டு, ஒரு சாதாரண `for` சுழற்சியில் ஒவ்வோர் எண்ணாக எடுத்து `s`-இல் கூட்டிக்கொண்டே போனால், பட்டியல் எவ்வளவு நீண்டாலும் கூடுதல் இடம் ஏறக்குறைய மாறாது. அதை O(1) என்பார்கள். கூட்டல் போன்ற வேலைக்கு நான் எப்போதும் இதையே எழுதுவேன். ரிகர்ஷனின் அழகு மரம் போலக் கிளைவிடும் தரவுகளுக்குப் பொருந்தும். நேர்கோட்டுப் பட்டியலில் அது வாங்கும் விலை அதிகம்.

நகல் எப்போதும் வர்க்கமாகத்தான் வளரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு நகலும் முந்தையதைவிட எவ்வளவு சிறியது என்பதில் இருக்கிறது கணக்கு. அகரவரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். நடுப்பெயரைப் பார்த்து, தேடும் பெயர் அதற்கு முன்னா பின்னா என்று முடிவு செய்து, பாதியைத் தள்ளிவிடலாம். பைனரி சர்ச் எனப்படும் இந்த முறையில் பத்து லட்சம் பெயர்களிலும் 20 முறை பார்த்தால் விடை தெரிந்துவிடும். இதை ரிகர்ஷனாக எழுதும்போது பலர் பாதிப் பட்டியலை `a[:m]` என்று வெட்டி அடுத்த அழைப்புக்குக் கொடுப்பார்கள். முதல் வெட்டில் ஐந்து லட்சம் முகவரிகள் நகலாகும். அடுத்து இரண்டரை லட்சம். பிறகு ஒன்றேகால் லட்சம். பாதி பாதியாகக் குறைவதால் எல்லாவற்றையும் கூட்டினாலும் பத்து லட்சத்தைத் தொடாது. 8 மெகாபைட்டுக்குள் அடங்கும் இது O(n), வர்க்கமல்ல.

ஆனாலும் எனக்கு இது முதல் நிரலைவிட அதிகம் வலிக்கிறது. 20 முறை பார்த்தால் போதும் என்பதற்காகத்தான் பைனரி சர்ச்சைத் தேர்ந்தெடுத்தோம். அந்த 20 பார்வைகளுக்காகக் கிட்டத்தட்டப் பத்து லட்சம் முகவரிகளை இடம் மாற்றுகிறோம். முதல் பெயரிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போயிருந்தாலும் ஏறக்குறைய அத்தனை பார்வைகள்தான் ஆகியிருக்கும். பட்டியலை வெட்டாமல் தொடக்கம், முடிவு என்ற இரண்டு எண்களை மட்டும் நகர்த்திக்கொண்டு போனால், கூடுதலாக வேண்டிய இடம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். வேகமும் திரும்பக் கிடைத்துவிடும்.

இவ்வளவு பெரிய சேதம் சோதனையின்போது ஏன் கண்ணில் படுவதில்லை? பைத்தானில் இதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. ஓர் அழைப்புக்குள் இன்னோர் அழைப்பு என்று ஏறக்குறைய 1,000 அடுக்குக்கு மேல் போனால் `RecursionError` என்று சொல்லி அது நிறுத்திவிடும். ஆயிரத்துக்குக் கீழே நம் முதல் நிரலின் செலவு 4 மெகாபைட்டுக்குள்தான். இன்றைய கணினியில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஒருநாள் பெரிய பட்டியல் வந்து இந்தப் பிழை தோன்றும்போது, `sys.setrecursionlimit` மூலம் வரம்பை 20,000 ஆக்கிவிட்டால் போதும் என்ற யோசனை எளிதில் கிடைக்கும். பிழை மறைந்துவிடும். ஆனால் வர்க்கத்தின் மேட்டில் ஏறவிடாமல் தடுத்துக்கொண்டிருந்த வேலியையே பிடுங்கிவிட்டோம். அதற்குப் பிறகு நினைவகம் தீரும்போது, சில சமயம் `MemoryError` வரும். பல சமயம் கணினி வட்டிலிருந்து இடத்தைக் கடன் வாங்கத் தொடங்கி, சுட்டியைக்கூட நகர்த்த முடியாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். லினக்ஸ் சர்வர்களில் இயங்குதளமே அந்த நிரலை நிறுத்திவிட, திரையில் `Killed` என்ற ஒரே சொல் மிஞ்சும். எந்த வரியால் இது நேர்ந்தது என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது.

முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பைத்தான் 3.4 முதல் `tracemalloc` என்ற கருவி மொழியுடனேயே வருகிறது.

```python
import tracemalloc
a = list(range(500))
tracemalloc.start()
total(a)
print(tracemalloc.get_traced_memory()[1])
```

கடைசி வரி அச்சிடுவது உச்ச அளவு. அதாவது ஓட்டத்தின் நடுவில் நினைவகம் அதிகபட்சம் எவ்வளவு உயர்ந்தது என்பது. முதல் நிரலை 250 எண்களோடு ஓட்டினால் இது சுமார் இரண்டரை லட்சம் பைட்டுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். 500 எண்களுக்கு 10 லட்சத்துக்குச் சற்று மேலே. துல்லியமான தொகை கணினிக்குக் கணினி, பதிப்புக்குப் பதிப்பு மாறும். விகிதத்தைப் பாருங்கள். உள்ளீட்டை இரட்டித்தபோது உச்சம் நான்கு மடங்குக்கு அருகில் போனால் அது வர்க்கம். இரண்டு மடங்கானால் நேர்கோடு. அசையவே இல்லை என்றால் O(1). பெரிய தரவு கையில் இல்லாதபோதும், நூற்றுக்கணக்கான எண்களை வைத்தே லட்சத்தில் என்ன நடக்கும் என்று இப்படிச் சொல்லிவிட முடியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நகலே எடுக்காத மொழிதான் நல்ல மொழி என்று ஒருவர் நினைக்கக்கூடும். ஜாவா மொழியின் அனுபவம் வேறு. நீண்ட எழுத்துச்சரம் ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தரும் `substring`, பழைய ஜாவாவில் நகல் எடுக்காது. மூலச் சரத்தையே சுட்டிக்கொண்டு, எங்கிருந்து எதுவரை என்று மட்டும் குறித்துக்கொள்ளும். துண்டு எவ்வளவு பெரிதானாலும் செலவு ஒன்றுதான். ஆனால் பெரிய கோப்பு ஒன்றை முழுதாகப் படித்து, அதிலிருந்து பத்து எழுத்து மட்டும் எடுத்துவைத்துக்கொண்டால், அந்தப் பத்து எழுத்துக்காக முழுக் கோப்பும் நினைவகத்தில் தங்கிவிடும். துண்டு உயிரோடு இருக்கும்வரை மூலத்தை விடுவிக்க முடியாது. 2012-இல் வந்த ஜாவா 7-இன் ஆறாவது அப்டேட்டில் இதை மாற்றி, `substring` ஒவ்வொரு முறையும் நகல் எடுக்கும்படி செய்தார்கள். பத்து எழுத்தை வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். பெரிய சரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டி, அது இலவசம் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்களுக்கோ வேலை கூடிப்போனது.

பைத்தானிலும் இந்த மறுபக்கத்தைப் பார்க்கலாம். அறிவியல் கணக்குகளுக்குப் பயன்படும் நம்பை நூலகத்தின் வரிசைகளில் `a[1:]` என்று எழுதினால் நகல் எடுக்கப்படுவதில்லை. மூல வரிசையின் மேலேயே ஒரு பார்வை திறக்கிறது. ஒரு கோடி தசம எண்கள் கொண்ட வரிசை 80 மெகாபைட். அதிலிருந்து முதல் பத்தை மட்டும் `b = a[:10]` என்று எடுத்துக்கொண்டு, `a` இனி வேண்டாம் என்று `del a` எழுதினாலும் 80 மெகாபைட் அப்படியே நிற்கும். `b` அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே `b = a[:10].copy()` என்று எழுத வேண்டும். 80 பைட்டுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டால் 80 மெகாபைட்டும் விடுதலையாகும்.